ஜரிகைக்கு வேண்டும், கன்னத்துக்கு வேண்டாம்: ஒரு கல்யாணப் படத்தில் ஹை பாஸ் லேயர்

எடுத்துக்கொண்டது ஒரு மணப்பெண்ணின் மார்பளவுப் படம். அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு, தோளில் அகலமான ஜரிகைக் கரை, நெற்றிச்சுட்டி, கல் அட்டிகை, ஜிமிக்கி, ஜடையில் மல்லிகைச் சரம். முழு ஃபிரேம் கேமராவில் 85 எம்எம் லென்ஸ் போட்டு, எஃப் 2, ஐஎஸ்ஓ 1600 வைத்து, சுமார் இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து மண்டபத்து வெளிச்சத்தில் எடுத்தது. ஃபோகஸ் இந்தப் பக்கக் கண்ணில் சரியாக விழுந்திருந்தது. மேடை அலங்காரம் பின்னால் நன்றாகக் கலங்கிப்போயிருந்தது. கேமரா தந்த கோப்பின் அளவு 6000×4000 பிக்சல். போக வேண்டிய இடம் 12×36 ஆல்பத்தின் ஒரு விரிப்பில் பாதி, அதாவது 18×12 அங்குலம். 300 பிபிஐ கணக்கில் 5400×3600 பிக்சல்.

ஸ்டுடியோக்காரர் சொன்னது ஒரே வரி: “அண்ணே, நகையும் ஜரிகையும் பளிச்சுனு நிக்கணும், ஆனா முகத்துல பவுடர் தெரியக் கூடாது.” கூடவே அவர்களே முயன்று பார்த்த பிரதி ஒன்றையும் அனுப்பியிருந்தார். அதில் போட்டோஷாப்பின் `Filter > Sharpen > Sharpen More` இரண்டு தடவை ஓடியிருந்தது. பல ஆல்பங்களில் நடப்பது இதுதான் என்பதால் முதலில் அந்தப் பிரதியைப் பார்த்துவிடலாம்.

ஷார்ப்பன் போட்ட பிரதி

திரையில் படம் முழுவதும் தெரியும்படி வைத்துப் பார்த்தால் அது மோசமாக இல்லை. முதல் பார்வைக்கு நன்றாகவே இருந்தது, ஏமாற்றமும் அங்கேதான். 100 சதவீதத்துக்குப் போனதும் கதை மாறியது. மூக்கின் ஓரத்திலும் மேலுதட்டுக்கு மேலும் மேக்கப் பவுடர் துகள் துகளாக எழுந்து நின்றது. பின்னணியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த நாய்ஸ், மணல் தூவியதுபோல் மேலே வந்துவிட்டது. மல்லிகை மொட்டுகளின் உருண்டை போய், வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டிய மாதிரி ஆகிவிட்டன. தலைமுடி மேடை விளக்கின் வெளிச்சத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று சுற்றிவந்தது.

ஜரிகையிலும் அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. தங்க இழைகளின் ஓரத்தில் பச்சை கலந்த ஒரு மஞ்சள் ஏறியிருந்தது. அரக்குச் சிவப்பில் பச்சை சேனல் கிட்டத்தட்ட அடியில் கிடக்கும், தங்கத்தில் அது மேலே இருக்கும். ஃபில்டர் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக எடுத்து ஓரத்தின் வித்தியாசத்தைக் கூட்டுகிறது. வித்தியாசம் அதிகமுள்ள பச்சை சேனல் மற்றவற்றைவிட அதிகமாக ஏறுகிறது. அதனால் இழையின் ஓரம் மட்டும் நிறம் மாறிப்போகிறது.

இந்த ஃபில்டருக்கு எந்த அமைப்பும் கிடையாது. எவ்வளவு, எத்தனை பிக்சல் அகலத்தில், எந்த இடத்தில் என்று எதையும் அது கேட்காது. ஜரிகை இழையும் பவுடர் துகளும் நாய்ஸும் அதன் கணக்கில் ஒன்றேதான்: பக்கத்துப் பிக்சலிலிருந்து வேறுபடும் ஒரு பிக்சல்.

சரி, அன்ஷார்ப் மாஸ்க்கில் த்ரெஷோல்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். அது சின்ன வித்தியாசங்களை விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் தொடும் என்பது உண்மைதான். ஆனால் தோலில் அது வேறொரு வினையைச் செய்கிறது. ஒரு துளையின் வித்தியாசம் எல்லையைத் தாண்டிவிடும், அடுத்ததன் வித்தியாசம் தாண்டாது. முன்னது எழுந்து நிற்க, பின்னது அப்படியே கிடக்க, கன்னம் திட்டுத் திட்டாகிவிடும். தோலுக்கு அளவால் வேலி போட முடியாது, இடத்தால்தான் போட வேண்டும்.

ஹை பாஸ் உள்ளே என்ன செய்கிறது

ஹை பாஸ் பற்றி ஒரு நம்பிக்கை உலவுகிறது, அது ஏதோ உயர்ந்த ரக ஷார்ப்பனிங் என்று. கணக்கைப் போட்டுப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை. படத்தை காஸியன் பிளர் போட்டு மங்கலாக்கி, அசலிலிருந்து அந்த மங்கலைக் கழித்து, மீதியை நடுச் சாம்பல் மேல் வைத்துக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

```
ஹை பாஸ் = அசல் − மங்கல் + 128
```

வித்தியாசம் இல்லாத இடம் 128 ஆகி வெறும் சாம்பலாகத் தெரியும். ஓரங்களின் ஒரு பக்கம் அதைவிட வெளுப்பாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் நிற்கும். இந்தச் சாம்பல் படத்தை அசலுக்கு மேலே லேயராக வைத்து, நடுச் சாம்பலைக் கண்டுகொள்ளாத ஒரு பிளெண்ட் மோடு கொடுத்தால், ஓரங்களின் வித்தியாசம் மட்டும் படத்தில் கூடும்.

லீனியர் லைட் மோடு கொடுத்தால் அந்த வித்தியாசம் இரண்டு மடங்காகக் கூட்டப்படும். 50 சதவீத ஒப்பாசிட்டியில் ஒரு மடங்கு. இது அதே ரேடியஸில் அன்ஷார்ப் மாஸ்க்கை 100 சதவீதத்தில் ஓட்டியதற்குச் சமம், கிட்டத்தட்ட பிக்சலுக்குப் பிக்சல். ஆக, லீனியர் லைட்டில் வைத்துவிட்டு ‘ஹை பாஸ் எவ்வளவு நன்றாக இருக்கிறது’ என்று வியப்பவர் வியப்பது பழைய அன்ஷார்ப் மாஸ்க்கைத்தான்.

வேறுபாடு தொடங்குவது ஓவர்லேயில். ஓவர்லே, கீழே இருக்கும் படத்தின் வெளிச்சத்தைப் பார்த்து வித்தியாசத்தைக் குறைத்துக்கொள்ளும். நடுத்தர வெளிச்சத்தில் முழு அளவும் கொடுக்கும். கறுப்பை நெருங்கினாலும் வெள்ளையை நெருங்கினாலும் தேய்ந்து, இரு முனைகளிலும் பூஜ்யமாகிவிடும்.

நம் படத்திலிருந்தே இரண்டு பிக்சல்களை எடுத்துப் பார்க்கலாம். ஜரிகை இழையில் ஒரு பிக்சலின் அளவு 200. மங்கலில் அதே இடம் 180. வித்தியாசம் 20, ஹை பாஸில் அது 148. லீனியர் லைட் முழு ஒப்பாசிட்டியில் 200 என்பது 240 ஆகிறது. ஓவர்லேயில் 209தான். இப்போது மல்லிகை மொட்டின் மேல்பக்கம்: அளவு 240, வித்தியாசம் 10. லீனியர் லைட்டில் 260 என்று கணக்கு வரும். 255க்கு மேல் இடமில்லாததால் அது வெறும் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். மொட்டு தாளாகிப்போனது இப்படித்தான். ஓவர்லேயில் அதே பிக்சல் 241க்குப் போகிறது, மொட்டு மொட்டாகவே இருக்கிறது.

சாஃப்ட் லைட்டும் இதே குணம்தான். நடுத்தர வெளிச்சத்தில் ஓவர்லேயின் பாதியளவு வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்ஷார்ப் மாஸ்க்கையே ஸ்மார்ட் ஃபில்டராகப் போட்டு அதற்கும் மாஸ்க் வைக்கலாம் என்பது தெரிந்ததே. அப்படி வேலை செய்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஹை பாஸ் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. ரேடியஸைத் தேர்ந்தெடுக்கும்போது எது எழப்போகிறது என்பதை அந்தச் சாம்பல் படம் தனியாக எடுத்துக் காட்டிவிடுகிறது. முனைகளைக் காப்பாற்றும் வேலையை ஓவர்லே தானே பார்த்துக்கொள்கிறது. வேறு வேறு ரேடியஸில் இரண்டு லேயர் அடுக்கினால் இரண்டையும் தனித்தனியாக ஏற்றி இறக்கவும் முடிகிறது.

முதல் லேயருக்கு முன்

வரிசை இங்கே முக்கியம். முகத்து வேலை, நிறத் திருத்தம், நாய்ஸ் குறைப்பு எல்லாம் முடிந்த பிறகு, படத்தை இறுதி அளவான 5400×3600க்குக் கொண்டுவந்த பிறகுதான் ஷார்ப்பனிங். ரேடியஸ் என்பது பிக்சல் கணக்கு. அளவு மாறினால் அதன் அர்த்தமும் மாறிவிடும்.

திருத்திய படத்து லேயர்களை எல்லாம் தேர்ந்தெடுத்து ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டாக மாற்றினேன். பிறகு `Ctrl+J` அழுத்தி அதன் நகலை மேலே வைத்தேன். பலரும் இந்த இடத்தில் `Ctrl+Alt+Shift+E` கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்த ஒரு பிக்சல் லேயரை உருவாக்கி, அதன்மேல் ஹை பாஸ் போடுவார்கள். வேலை நடக்கும், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது, பின்னால் வருகிறேன். `Ctrl+J`யில் பிறந்த ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் நகல் அசலோடு ஒட்டியே இருக்கும். ஒன்றைத் திறந்து திருத்தினால் மற்றதும் திருந்தும். `New Smart Object via Copy` கொடுத்தால் இந்த ஒட்டு அறுந்துபோகும், அது இங்கே வேண்டாம்.

நகலின் பிளெண்ட் மோடை முதலிலேயே ஓவர்லேக்கு மாற்றிவிட்டு, பிறகு `Filter > Other > High Pass` திறந்தேன். இப்படிச் செய்தால் ஃபில்டரின் சின்னப் பெட்டியில் சாம்பல் படமும், பின்னால் பெரிய படத்தில் விளைவும் ஒரே நேரத்தில் தெரியும்.

ரேடியஸை எங்கே நிறுத்துவது

0.3இல் தொடங்கி மெல்ல ஏற்றினேன். 0.5இல் கண் இமை முடிகளும் ஜரிகையின் மிக மெல்லிய இழைகளும் மட்டும் கோடாகத் தெரிந்தன, மற்றதெல்லாம் சாம்பல். 1.2க்கு வந்தபோது கரையில் இழைக்கு இழை பிரிந்தது. அட்டிகையில் ஒவ்வொரு கல்லையும் பிடித்திருக்கும் சின்ன நகங்கள் தெரிந்தன. கன்னம் இன்னும் வெறும் சாம்பலாகவே இருந்தது. 2.5இல் மூக்கோரத்துத் துளைகளும் பவுடரும் சாம்பலில் எழ ஆரம்பித்தன. 5 தாண்டியதும் கன்னத்தின் நிழல், புடவையின் சிவப்பு என்று திட்டுத் திட்டாக நிறம் வந்துவிட்டது. அந்த நிலையில் அது நுண்விவரத்துக்கான லேயராக இருப்பதில்லை, காண்ட்ராஸ்ட் கூட்டும் லேயராகிவிடும்.

1.2இலேயே நிறுத்தினேன். வேண்டியது கோடாகத் தெரிந்து, வேண்டாதது சாம்பலில் புதைந்து கிடக்கும் கடைசி இடம் அது. அச்சுக் கணக்கும் ஒத்துப்போகிறது. 1.2 ரேடியஸில் ஓரத்தைச் சுற்றி எழும் ஒளிவட்டம் ஒரு பக்கம் இரண்டு மூன்று பிக்சல் அகலம் இருக்கும். 300 பிபிஐயில் மூன்று பிக்சல் என்றால் கால் மில்லிமீட்டர். மடியில் வைத்து ஆல்பம் பார்ப்பவருக்கு அது தனிக் கோடாகத் தெரியாது, கூர்மையாகத்தான் தெரியும்.

அடுத்து நிறம். சாம்பல் படத்திலும் ஓரங்களில் கொஞ்சம் நிறம் ஒட்டியிருக்கும். முன்னே சொன்ன பச்சை மஞ்சள் இங்கேயும் வரும். சாதாரண லேயராக இருந்தால் `Ctrl+Shift+U` போதும். இது ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் என்பதால், மேலே ஒரு ஹ்யூ/சாச்சுரேஷன் அட்ஜஸ்ட்மெண்ட் லேயரை வைத்து, சாச்சுரேஷனை −100க்கு இறக்கி, ஹை பாஸ் லேயரோடு மட்டும் கிளிப் செய்தேன். கிளிப் செய்ய மறந்தால் முழுப் படமும் கறுப்பு வெள்ளையாகிவிடும், ஆகவே கவனிக்காமல் போக வழியில்லை. இதற்குப் பிறகு ஜரிகையின் ஓரத்தில் நிறம் மாறவில்லை, வெளிச்சம் மட்டும் மாறியது.

மாஸ்க்

இதுவரை செய்ததை யாரும் இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். படம் எப்படி முடியும் என்பதைத் தீர்மானிப்பது மாஸ்க்.

`Alt` பிடித்துக்கொண்டு மாஸ்க் பொத்தானை அழுத்தினால் கறுப்பு மாஸ்க் வரும், லேயர் முழுவதும் மறைந்துவிடும். ஜரிகையைப் பிரஷ்ஷால் இழை இழையாக வரைவது வீண். `Select > Color Range` திறந்து தங்க நிறத்தைத் தொட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் நம் ஊர்த் தோல் நிறமும் தங்கமும் வண்ணச் சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. கரையைத் தொட்டால் கன்னமும் கழுத்தும் சேர்ந்தே தேர்வாகும். அதனால் முதலில் லாசோவால் புடவையைச் சுற்றி ஒரு தேர்வு போட்டுக்கொண்டு, அது இருக்கும்போதே கலர் ரேஞ்ச் திறந்தேன். அப்போது அது அந்த எல்லைக்குள் மட்டும் தேடும். கிடைத்த தேர்வை ஒரு பிக்சல் ஃபெதர் செய்து மாஸ்க்கில் வெள்ளை நிரப்பினேன்.

நகைகளைப் பிரஷ்ஷால்தான் வரைந்தேன். மென்மையான முனை, ஃப்ளோ 20 சதவீதம். நெற்றிச்சுட்டி, அட்டிகை, இந்தப் பக்க ஜிமிக்கி. கண்களில் இமை முடி, கருவிழி, இமையின் மேல்கோட்டு மை. வெள்ளை விழியைத் தொடவில்லை, தொட்டால் சிவந்த நரம்புகள் எழுந்துவரும். புருவம் கொஞ்சம். உதட்டில் ஓரக் கோடு மட்டும், உள்ளே போனால் உதட்டு வெடிப்பு தெரியும்.

தோலை முழுக் கறுப்பில் விடுவதா என்பதில் ஆளுக்கொரு பழக்கம். நான் விடுவதில்லை. கூர்மையான கண்ணுக்குப் பக்கத்தில் கொஞ்சமும் கூர்மை ஏறாத கன்னம் இருந்தால், முகம் பொம்மைக்கு மாட்டிய முகமூடியாகிவிடும். மாஸ்க்கில் தோல் முழுவதும் 15 சதவீத வெள்ளை போட்டேன். தனியாகப் பார்த்தால் அது தெரியாது. கண்ணும் கன்னமும் ஒரே லென்ஸில் விழுந்த மாதிரி இருப்பதற்கு அது போதும்.

அடுத்து தலைமுடி, ஸ்டுடியோ பிரதியில் வெள்ளைக் கோடு வந்த இடம். வகிட்டிலும் ஜடைப் பின்னலிலும் வெள்ளை தீட்டினேன். மேடை வெளிச்சத்தைத் தொடும் ஓரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பிக்சல் முன்பே பிரஷ்ஷை நிறுத்திவிட்டேன். இருட்டும் வெளிச்சமும் மோதும் அந்த ஓரம் ஏற்கெனவே போதுமான அளவு தெளிவாகத்தான் இருக்கும். அதைக் கூர்மையாக்கி வாங்கப்போவது ஒளிவட்டம் ஒன்றைத்தான்.

பின்னணிக்குக் கறுப்பு, ஒரு சதவீதம்கூட வெள்ளை கிடையாது. கலங்கிய இடத்தில் எழுவதற்கு நாய்ஸைத் தவிர வேறு விவரமே இல்லை. அந்தப் பக்க ஜிமிக்கியும் அப்படித்தான். 85 எம்எம், எஃப் 2, இரண்டு மீட்டர் என்றால் கூர்மையாக நிற்கும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர்தான். முகம் கொஞ்சம் திரும்பியிருந்ததால் அந்தக் காது அதற்கு வெளியே போய்விட்டது. இல்லாத விவரத்தை எந்த ஃபில்டரும் கொண்டுவராது. அதையும் தெளிவாக்கு என்று கேட்டால், முடியாது என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை.

மாஸ்க் முடிந்ததும் ஒப்பாசிட்டியை 70க்கு இறக்கினேன்.

இரண்டாவது லேயர்

முதல் லேயர் இழைகளைப் பிரித்துக் காட்டியது. ஆனால் கரையில் இருந்த அன்னப்பறவையும் தோள் மடிப்பும் இன்னும் தட்டையாகவே தெரிந்தன. அவற்றின் ஓரங்கள் 1.2 பிக்சலில் முடிகிற சமாச்சாரம் இல்லை. அதனால் இன்னொரு நகல், ரேடியஸ் 4, மோடு சாஃப்ட் லைட், ஒப்பாசிட்டி 40. சாஃப்ட் லைட் பாதியளவே வேலை செய்யும் என்பதால் இது ஏறக்குறைய 20 சதவீத அன்ஷார்ப் மாஸ்க்குக்குத்தான் சமம். வேண்டுமென்றே குறைத்தது. ரேடியஸ் 4இல் ஒளிவட்டம் எட்டுப் பத்துப் பிக்சலுக்குப் பரவும், அச்சில் முக்கால் மில்லிமீட்டர். ஏற்றினால் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இந்த லேயரின் மாஸ்க்கில் புடவை, பிளவுஸ் கை, அட்டிகை ஆகியவை மட்டும். முகத்துக்கு முழுக் கறுப்பு. 4 பிக்சல் ரேடியஸ் கண்ணுக்குக் கீழே இருக்கும் லேசான மடிப்பைப் பிடித்து இழுக்கும், மணப்பெண்ணுக்கு ஐந்து வயது கூடிவிடும். புடவையின் வெளிக்கோடு பின்னணியைத் தொடும் இடத்திலும் முடிக்குச் செய்ததுபோல் உள்ளே தள்ளியே நிறுத்தினேன்.

இரண்டு லேயரையும் ஒரு குரூப்புக்குள் போட்டு, முதல் லேயருக்கு மட்டும் பிளெண்ட் இஃப் திறந்தேன். `Underlying Layer` வரியில் கறுப்பு முக்கோணத்தை `Alt` பிடித்துப் பிரித்து 25, 60 என்று வைத்தேன். ஜடையின் ஆழ்ந்த நிழலில் 25க்குக் கீழே லேயர் அறவே வேலை செய்யாது, 60 வரை மெல்ல ஏறும். ஓவர்லே நிழலில் தானாகவே அடங்கும் என்றாலும், ஐஎஸ்ஓ 1600 நாய்ஸ் கறுப்பு முடியில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. வெள்ளைப் பக்கம் ஒன்றும் செய்யவில்லை, அதை ஓவர்லே பார்த்துக்கொண்டது.

நெற்றியில் ஒரு முடி

படத்தை அனுப்பிய பிறகு வீட்டாரிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. நெற்றிச்சுட்டிக்குப் பக்கத்தில் ஒற்றை முடி ஒன்று நெற்றியில் விழுந்து கிடக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று. முன்னே பொறி என்று சொன்னது இந்த மாதிரி நேரத்தில்தான் கடிக்கும்.

ஹை பாஸ் ஒரு தனிப் பிக்சல் லேயராக இருந்திருந்தால், கீழே படத்தில் ஹீலிங் பிரஷ்ஷால் முடியை எடுத்த பிறகும் அந்த முடியின் கோடு ஹை பாஸ் லேயரில் அப்படியே இருக்கும். நெற்றிச்சுட்டியை ஒட்டி மாஸ்க் வெள்ளையாக இருப்பதால் கோடு படத்தில் விழும். முடி போன இடத்தில் கறுப்புக் கோடும் இருபுறமும் மெல்லிய வெளுப்புமாக, ஆறிய கீறல் தழும்பு மாதிரி ஒன்று மிஞ்சும். திருத்தியவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. எத்தனை தடவை ஹீலிங் செய்தாலும் போகாது, ஏனென்றால் தப்பு அந்த லேயரிலேயே இல்லை. மேல் லேயரின் கண்ணை மூடித் திறந்து பார்த்தால் உடனே பிடிபடும்.

இங்கே எல்லாம் ஒட்டியிருக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்கள். கீழ் லேயரை இரட்டைக் கிளிக் செய்து திறந்து, உள்ளே முடியை எடுத்து, சேமித்து மூடினேன். மூன்று பிரதிகளும் ஒன்றாகப் புதுப்பித்துக்கொண்டன. ஹை பாஸ் புதிய நெற்றியிலிருந்து மறுபடி கணக்கிடப்பட்டது. மாஸ்க்குகள் இருந்த இடத்தில் இருந்தன.

கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கு `Filters > Enhance > High Pass` என்று இருக்கிறது, பிளெண்ட் மோடுகளும் உண்டு. ஆனால் லேயரை நகலெடுத்து ஹை பாஸ் போடும் வழக்கமான முறையில் இந்த ஒட்டு கிடைக்காது. கீழே திருத்தினால் மேல் லேயரைப் புதிதாக எடுத்தே ஆக வேண்டும். மாஸ்க்கை மட்டும் பழையதிலிருந்து நகர்த்திக்கொள்ளலாம்.

அச்சில்

திரையில் 100 சதவீதத்தில் பார்ப்பது பிழை தேடுவதற்கு மட்டும். ஒளிவட்டம் இருக்கிறதா, துகள் எழுந்ததா என்பதை அங்கே பார்க்கலாம். கூர்மை போதுமா என்பதை அங்கே முடிவு செய்யக் கூடாது. சாதாரண மானிட்டர் அங்குலத்துக்குச் சுமார் நூறு பிக்சல் காட்டும். 300 பிபிஐ அச்சுக்கு அது மூன்று மடங்குப் பெருக்கம். 33 சதவீதத்தில் வைத்தால் அச்சின் உண்மை அளவுக்கு வரும், ஆனால் மானிட்டர் அந்த அளவில் நுண்விவரத்தைத் தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே 50 சதவீதத்தில் பார்ப்பது என் வழக்கம், அதுவும் உத்தேசம்தான்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். படத்தைச் சுருக்காமல், முகத்தின் பாதியும் தோள் கரையும் வரும்படி 1800×1200 பிக்சல் துண்டு ஒன்றை வெட்டி, லேபில் ஒரு 4×6 மேக்ஸி போடச் சொன்னேன். ஆல்பம் போகப்போகும் அதே மேட் ஃபினிஷில், ஆட்டோ கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம் என்ற குறிப்போடு. அந்தத் துண்டில் 300 பிபிஐ என்பதால் ஆல்பத்தில் வரப்போகும் ஜரிகை அளவு மாறாமல் கிடைக்கும்.

துண்டு வந்தபோது கண்ணும் நகையும் சரி. ஜரிகை மட்டும் எதிர்பார்த்ததைவிடச் சற்று அடங்கியிருந்தது. மேட் பரப்பு வெளிச்சத்தைச் சிதறடித்து நுண்ணிய காண்ட்ராஸ்ட்டைக் குறைப்பது இயல்பு. பளபளப்பான தாளுக்கு 70 போதுமாக இருந்திருக்கும், மேட்டுக்கு முதல் லேயரை 85க்கு ஏற்றினேன். முகம் அதே விகிதத்தில் கூடக் கூடாது என்பதால் மாஸ்க்கில் தோலின் வெள்ளையை 15இலிருந்து 12க்கு இறக்கினேன். ரேடியஸைத் தொடவில்லை. கூர்மை பற்றவில்லை என்றதும் ரேடியஸை ஏற்றுவது பலருக்குக் கைப்பழக்கம். அது இழையைக் கூர்மையாக்காது, இழையைச் சுற்றிய பட்டையை அகலமாக்கும்.

போனில் பார்க்க ஒரு பிரதி

அதே படத்தை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட 1080 பிக்சல் அகலத்தில் ஒன்று கேட்டார்கள். அச்சுக் கோப்பை அப்படியே சுருக்கினால் என்ன ஆகும் என்பது கணக்கிலேயே தெரியும். 5400 என்பது 1080 ஆகும்போது எல்லாமே ஐந்தில் ஒன்று. முதல் லேயரின் 1.2 பிக்சல் 0.24க்குப் போய்க் கரைந்துவிடும், அதனால் நன்மையும் இல்லை, கெடுதலும் பெரிதாக இல்லை. இரண்டாவது லேயரின் 4 பிக்சல் 0.8 ஆகிறது, சின்னப் படத்துக்கு அது நல்ல நுண்விவர ரேடியஸ். ஆகவே முதல் லேயரை மூடிவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்து ஒரு பிரதியைச் சுருக்கினேன். சுருக்கிய பிறகு கண்களுக்கும் நகைக்கும் மட்டும் 0.4 ரேடியஸில் ஒரு ஹை பாஸ், ஓவர்லே 40. அந்தச் செயலிகள் படத்தை மறுபடி ஜேபெக்காக அழுத்தும்போது, அதிகம் கூர்மையாக்கிய ஓரங்களைச் சுற்றித்தான் கட்டம் கட்டமாக அழுக்கு சேரும். போன் பிரதியில் ஒப்பாசிட்டி இதற்குமேல் ஏறாமல் இருப்பதற்குக் காரணம் அதுவே.